முறைசார் அமைப்பும் முறைசாரா அமைப்பும்: ஒரு தொழிற்சாலை அறையை முன்வைத்துச் சில கேள்விகள்

முறைசார் அமைப்புக்கும் முறைசாரா அமைப்புக்கும் என்ன வேறுபாடு?

நிர்வாகம் ஒரு நோக்கத்துக்காகத் திட்டமிட்டு வேலையைப் பிரித்து, ஒவ்வொரு பதவிக்கும் கடமையையும் அதிகாரத்தையும் வரையறுத்து, யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று எழுதிவைப்பது முறைசார் அமைப்பு. அதில் இடம் பெறுவது பதவியே தவிர ஆள் அல்ல. ஒருவர் விலகி மற்றொருவர் வந்தாலும் கட்டம் அப்படியே இருக்கும். அந்தக் கட்டங்களில் அமர்ந்திருப்பவர்கள் நாள்தோறும் சேர்ந்து வேலை செய்யும்போது, யாரும் திட்டமிடாமல் தாமாகவே தோன்றும் உறவுகள், பழக்கங்கள், எழுதப்படாத விதிகள் ஆகியவற்றின் தொகுதி முறைசாரா அமைப்பு. இங்கே இடம் பெறுவது ஆள். அவர் போனால் அவருடைய இடமும் போய்விடும்.

பாடநூல்கள் இவ்வேறுபாட்டை இரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையாகத் தருகின்றன. தேர்வுக்கு அது போதுமானதுதான். ஆனால் அந்த அட்டவணையைப் படிப்பவர், முறைசாரா அமைப்பு என்றால் மதிய உணவு நேரத்து நட்பு, பிறந்தநாள் வாழ்த்து, வதந்தி ஆகியவைதான் என்று எண்ணிவிடுகிறார். ஒரு நாளில் எவ்வளவு வேலை நடக்க வேண்டும் என்பதையே அந்த அமைப்பு முடிவு செய்துவிடக்கூடும் என்பது அட்டவணையில் தெரிவதில்லை. பின்வரும் விடைகள் பெரும்பாலும் அந்த ஒன்றைப் பற்றியவை.

இப்படிப்பட்ட குழுக்கள் வேலையை உண்மையிலேயே பாதிக்கின்றன என்று யாராவது நேரில் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்களா?

செய்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சிகாகோவை ஒட்டிய சிசரோ என்னும் ஊரில், வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்குச் சொந்தமான ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை தொடர்ச்சியாகப் பல ஆய்வுகள் நடைபெற்றன. விளக்கொளியைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த முதல் ஆய்வையும், ரிலே பொருத்தும் பெண்களை ஆராய்ந்த இரண்டாவது ஆய்வையும் பலர் அறிவார்கள். நம் கேள்விக்கு மிக நெருக்கமானது கடைசி ஆய்வு. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகங்களுக்கான முனைத் தொகுதிகளில் கம்பி பொருத்தும் 14 ஆண்களைத் தனி அறை ஒன்றில் வைத்து அவர்களின் வேலையைக் கவனித்தார்கள்.

அவர்களில் 9 பேர் கம்பி பொருத்துபவர்கள். மூன்று பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், அவர்கள் பொருத்திய கம்பிகளைப் பற்றவைக்க 3 சால்டரிங் பணியாளர்கள் இருந்தார்கள். முடிந்த வேலையைச் சோதிக்க 2 ஆய்வாளர்கள் இருந்தார்கள். முந்தைய ஆய்வுகளைப் போல் இங்கே எதையும் மாற்றிப் பார்க்கவில்லை. ஒருவர் அறையின் ஓரத்தில் அமர்ந்து நடப்பதைக் குறித்துக்கொண்டார். மற்றொருவர் அறைக்கு வெளியே அவர்களைத் தனித்தனியே சந்தித்துப் பேசினார். சுமார் ஆறரை மாதக் குறிப்புகள் எஃப். ஜே. ரோத்லிஸ்பெர்கரும் டபிள்யூ. ஜே. டிக்சனும் 1939இல் வெளியிட்ட நூலில் விரிவாக இடம் பெற்றுள்ளன.

அங்கே ஒரு நாளைக்கு எவ்வளவு வேலை செய்ய வேண்டியிருந்தது? அதை முடிவு செய்தது யார்?

இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் இருந்தன என்பதுதான் அந்த ஆய்வின் சாரம். நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவு நிர்ணயித்த இலக்கு ஒரு நாளைக்கு 7,312 இணைப்புகள். அதாவது 8 மணி நேரத்தில் மணிக்கு 914. இது எழுத்தில் இருந்த எண். தொழிலாளர்களின் மனத்தில் இருந்த எண் வேறு. முனைத் தொகுதிகளைத் தாங்கும் சட்டங்கள் இரண்டை ஒரு நாளைக்கு முழுமையாக முடித்தால் அது நேர்மையான ஒரு நாள் உழைப்பு என்று அவர்கள் கருதினார்கள். ஒரு சட்டத்தில் 3,300 இணைப்புகள். இரண்டுக்கும் சேர்த்து 6,600. இன்னொரு வகைச் சட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த எண் 6,000.

இரண்டாவது எண்ணை எந்தக் கூட்டத்திலும் யாரும் தீர்மானமாக நிறைவேற்றவில்லை, எந்தத் தாளிலும் எழுதவில்லை. ஆயினும் அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. இரண்டு சட்டங்கள் என்பது கண்ணால் பார்க்கக்கூடிய முழுமையான அளவு என்பதும் அது நிலைத்ததற்கு ஒரு காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 7,312 என்பதை யாரும் மனத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. "இந்த இரண்டையும் முடித்தால் இன்றைய பாடு தீர்ந்தது" என்பது யாருக்கும் புரியும்.

நண்பகலுக்கு முன்பே விரைவாக வேலை செய்து, மாலையில் இரண்டாவது சட்டம் முடியும் தறுவாயில் வேகத்தைக் குறைத்துக்கொள்வதை அறையில் இருந்த பார்வையாளர் மீண்டும் மீண்டும் குறித்திருக்கிறார். எனவே அளவு குறைந்ததற்குக் களைப்பு மட்டும் காரணம் என்று சொல்ல இயலாது. திறன் குறைவும் காரணம் அல்ல. அறிவுத்திறன், கைத்திறன் சோதனைகளின் முடிவுகளோடு உற்பத்தியை ஒப்பிட்டபோது இரண்டுக்கும் தொடர்பே தெரியவில்லை.

அதிகமாகச் செய்தால் அதிகக் கூலி கிடைக்குமே, ஏன் வேண்டாம் என்றார்கள்?

கூலி கணக்கிடப்பட்ட முறையைப் பார்த்தால் இது அத்தனை வியப்பாக இருக்காது. அங்கே இருந்தது குழு அடிப்படையிலான பீஸ் ரேட். பிரிவு முழுவதும் ஒரு வாரத்தில் முடித்த வேலையின் மதிப்பு ஒரு பொதுத் தொகையாகச் சேரும். ஒவ்வொருவருக்கும் உள்ள மணிக்கூலி விகிதத்தையும் அவர் வேலை செய்த நேரத்தையும் வைத்து அந்தத் தொகை பிரிக்கப்படும். நிறுவனத்தின் கணக்கு இப்படி: மொத்த உற்பத்தி கூடினால் எல்லோருக்கும் கூடும், தனிப்பட்ட சாதனைக்கு ஏற்ப மணிக்கூலி விகிதமும் உயரும், ஆகவே ஒவ்வொருவரும் தம்மால் முடிந்ததைச் செய்வார்கள்.

தொழிலாளியின் பக்கத்திலிருந்து அதே கணக்கைப் பார்ப்போம். 40 பேர் கொண்ட ஒரு பிரிவு, எல்லோருக்கும் ஒரே விகிதம் என்று எளிமைக்காக வைத்துக்கொள்வோம். அதில் ஒருவர் மட்டும் 6,600ஐத் தாண்டி 7,312 வரை செய்தால், கூடுதலான 712 இணைப்புகளின் மதிப்பு 40 பங்காகப் பிரியும். அவர் கைக்கு வருவது ஏறக்குறைய 18 இணைப்புகளின் மதிப்பு. உழைப்பு முழுவதும் அவருடையது, பலனில் நாற்பதில் ஒரு பங்குதான் அவருடையது. அதற்கு மாறாக, பக்கத்து மேசைக்காரரின் முகச்சுளிப்பு முழுவதும் அவர் ஒருவருக்கே கிடைக்கும்.

இதோடு ஓர் அச்சமும் சேர்ந்திருந்தது. அளவு கூடினால் நிர்வாகம் கூலி விகிதத்தைக் குறைத்துவிடும், அல்லது இலக்கை உயர்த்திவிடும், அல்லது ஆள்களைக் குறைத்துவிடும் என்று அவர்கள் சொன்னார்கள். அளவு மிகவும் குறைந்தால் மேலாளர் திட்டுவார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எனவே இரண்டுக்கும் நடுவே பாதுகாப்பான ஓர் எண் தேவைப்பட்டது. அந்த அறையில் யாருக்கும் விகிதக் குறைப்பு நேரடி அனுபவமாக இருந்ததில்லை என்று கூறி, ஆய்வை நடத்தியவர்கள் இந்த அச்சத்தை அறிவுக்குப் பொருந்தாதது என்பதுபோல் எழுதினார்கள். இதை நான் ஏற்கவில்லை. அது பெருமந்தத்தின் நடுப்பகுதி. தொழிற்சாலையில் வேலை நேரம் குறைந்துகொண்டும் ஆள்கள் வெளியேறிக்கொண்டும் இருந்த காலம். இருக்கும் வேலையை விரைவாகத் தீர்த்துவிட வேண்டாம் என்று நினைத்தவரை அறிவற்றவர் என்று சொல்வது கடினம். பின்னாளில் விமர்சகர்கள் பலரும் இதையே சுட்டிக்காட்டினார்கள்.

எழுதப்படாத விதியை மீறியவரைக் குழு என்ன செய்தது?

அறையில் நான்கு விதிகள் நடைமுறையில் இருந்தன. அளவுக்கு மீறி வேலை செய்யக் கூடாது, செய்தால் "ரேட்டைக் கெடுப்பவன்". மிகக் குறைவாகவும் செய்யக் கூடாது, செய்தால் மற்றவர் உழைப்பில் குளிர்காய்பவன். சக தொழிலாளிக்குத் தீங்கு விளைவிக்கும் எதையும் மேலாளரிடம் சொல்லக் கூடாது, சொன்னால் போட்டுக்கொடுப்பவன். வேலையைச் சோதிக்கும் பொறுப்பில் இருந்தாலும் அதிகாரத் தோரணை காட்டக் கூடாது. இரண்டாவது விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழு சோம்பேறித்தனத்தை ஆதரிக்கவில்லை. அதற்கு உச்சவரம்பு இருந்ததைப் போலவே கீழ்வரம்பும் இருந்தது.

தண்டனை கேலியில் தொடங்கும். வேகமாக வேலை செய்பவரை "வேக மன்னன்" என்றும் "அடிமை" என்றும் அழைத்தார்கள். அதற்கும் அடங்காவிட்டால் மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விழும். அதற்கு அவர்கள் "பிங்கிங்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அது விளையாட்டு என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அது யார் மேல், எந்த நேரத்தில் விழுந்தது என்று பார்த்தால் விளையாட்டு மட்டும் அல்ல என்பது விளங்கும். கடைசியாக வருவது ஒதுக்கிவைத்தல். பேச்சில் சேர்த்துக்கொள்ளாமை, உதவி கேட்டால் காது கேளாததுபோல் இருத்தல் ஆகியவை அதன் வடிவங்கள்.

வேலையைச் சோதிக்கும் ஆய்வாளர் ஒருவருக்கு நேர்ந்தது இன்னும் தெளிவானது. முறைசார் அமைப்பில் அவர் தொழிலாளர்களைவிட ஒரு படி மேலே இருந்தவர், அவர்கள் செய்ததை ஏற்கவோ நிராகரிக்கவோ அதிகாரம் பெற்றவர். அறையில் அவரை யாரும் ஏற்கவில்லை. தொல்லை தாங்காமல் பணியாளர் பிரிவில் அவர் முறையிட்டார். முடிவில் இடமாற்றம் செய்யப்பட்டவர் அவரே. அமைப்புப் படத்தில் மேலே இருந்தவர் வெளியேற, கீழே இருந்தவர்கள் அப்படியே இருந்தார்கள்.

மேற்பார்வையாளருக்கு இதெல்லாம் தெரியாதா?

அறைக்குப் பொறுப்பான குழுத் தலைவருக்கு எல்லாம் தெரியும். அன்றாட உற்பத்தி அளவை அவரிடம் வாய்மொழியாகச் சொன்னவர்கள் தொழிலாளர்களே. ஒரு நாள் கூடுதலாகச் செய்துவிட்டால் அதில் கொஞ்சத்தை மறைத்துவைத்துக்கொண்டு, குறைவாகச் செய்த இன்னொரு நாளின் கணக்கில் சேர்த்துச் சொன்னார்கள். இதனால் உண்மையான உற்பத்தி ஏறி இறங்கியபோதும், ஏட்டில் அது ஏறக்குறைய நேர்கோடாகவே தெரிந்தது. ஏற்ற இறக்கம் தெரிந்தால் "நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?" என்ற கேள்வி வரும் என்பது அவர்களின் கவலை.

குழுத் தலைவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். விதிகளை எழுத்துப்படி நடைமுறைப்படுத்தினால், அறையின் ஒத்துழைப்பு போய்விடும், வேலையும் நின்றுவிடும். விட்டுக்கொடுத்தால், மேலே இருப்பவர்களிடம் உண்மையை மறைத்தவராவார். அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவரிலிருந்து அவருக்கு மேலே இருந்த ஃபோர்மேன் வரை பதவி உயர உயரத் தொழிலாளர்கள் காட்டிய பணிவும் கூடியது, மேலே இருந்தவருக்குக் கிடைத்த உண்மைத் தகவலும் குறைந்தது. முறைசார் தகவல் பாதை முறிந்துபோகாமலே பொய்யாவது இப்படித்தான். அறிக்கைகள் உரிய நேரத்தில் மேலே போய்க்கொண்டுதான் இருந்தன.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே குழுவாக இருந்தார்களா?

இல்லை. முறைசார் அமைப்பின்படி அங்கே மூன்று சால்டரிங் அலகுகள் இருந்தன. உறவுகளின்படி உருவானவை இரண்டு குழுக்கள், ஒன்று அறையின் முன்பகுதியில், மற்றொன்று பின்பகுதியில். முன்பகுதியினர் நாணயம் சுண்டிப் பந்தயம் கட்டுவார்கள், பின்பகுதியினரிடம் குத்து விளையாட்டு அதிகம். முன்பகுதியினர் தம்மை உயர்ந்தவர்களாகக் கருதினார்கள், பின்பகுதியினரின் உற்பத்தி குறைவு என்று குறைகூறினார்கள். இரண்டிலும் சேராமல் தனித்து நின்றவர்களும் இருந்தார்கள். மிக அதிகமாக வேலை செய்த ஒருவரும், ஃபோர்மேனிடம் மற்றவர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறார் என்று கருதப்பட்ட ஒருவரும் அவர்களில் அடங்குவர்.

மொத்த ஆய்வில் நான் மிகவும் நினைவில் வைத்திருப்பது ஒன்று உண்டு. மிகக் குறைவாக வேலை செய்தவர் அறிவுத்திறன் சோதனையில் முதலிடத்திலும் கைத்திறன் சோதனையில் மூன்றாமிடத்திலும் இருந்தார். அவருடைய உற்பத்தியை அவருடைய கைகளைவிட, அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்பதே நன்றாக விளக்கியது.

அப்படியானால் முறைசாராக் குழுக்கள் கெடுதல் மட்டும்தான் செய்கின்றனவா?

அதே அறையிலேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. கம்பி பொருத்துபவர் கம்பிதான் பொருத்த வேண்டும், பற்றவைப்பவர் பற்றவைக்கத்தான் வேண்டும் என்பது விதி. ஆனால் விரல்கள் சலித்துப்போனபோது அவர்கள் வேலையை மாற்றிக்கொண்டார்கள், பின்தங்கியவருக்கு மற்றவர் கைகொடுத்தார். இரண்டுமே அனுமதிக்கப்படாதவை. இவற்றால் உற்பத்தி கெட்டதாகத் தெரியவில்லை. வேலையைத் தாங்கிக்கொள்ளக்கூடியதாக இவை ஆக்கின என்பது தெரிகிறது. அந்தப் பிரிவின் உற்பத்தி நிர்வாகத்துக்குத் திருப்தியாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரும் வேலையைப் பாழாக்கவில்லை. முடியக்கூடிய அளவுக்குக் கீழே, ஏற்கக்கூடிய அளவுக்கு மேலே ஒரு கோட்டைப் போட்டு அதில் நின்றார்கள்.

ஒற்றுமை மிகுந்த குழு என்றால் உற்பத்தி கூடுமா, குறையுமா?

ஒற்றுமை திசையைத் தீர்மானிப்பதில்லை, பிடியைத் தீர்மானிக்கிறது. 1954இல் ஸ்டான்லி சீஷோர் கனரக இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் 228 குழுக்களை ஆராய்ந்தார். ஒற்றுமை மிகுந்த குழுக்களில் உறுப்பினர்களுக்கிடையே உற்பத்தி வேறுபாடு குறைவாக இருந்தது, எல்லோரும் ஓர் அளவைச் சுற்றியே நின்றார்கள். அந்த அளவு சராசரிக்கு மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. நிறுவனம் தம்மை ஆதரிக்கிறது, இங்கே பாதுகாப்பு உண்டு என்று உணர்ந்த குழுக்களில் அது மேலே இருந்தது. அந்த நம்பிக்கை இல்லாத இடங்களில் கீழே இருந்தது. எனவே "குழு உணர்வை வளர்த்தால் உற்பத்தி தானே வளரும்" என்ற அறிவுரை பாதி உண்மை. நம்பிக்கை இல்லாத இடத்தில் குழு உணர்வை வளர்ப்பவர், குறைந்த அளவை எல்லோரும் தவறாமல் கடைப்பிடிக்கவே உதவுகிறார்.

எங்கள் பிரிவில் இப்படி ஓர் எழுதப்படாத அளவு இருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஏட்டிலிருந்து தொடங்கலாம். மனித உழைப்பு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். ஒருவருடைய அளவு பல வாரங்கள் அசையாமல் நின்றால், வேலை நிலையாக இருக்கிறது என்பதைவிடக் கணக்கு சீர்ப்படுத்தப்படுகிறது என்பதற்கே வாய்ப்பு அதிகம். திறனிலும் அனுபவத்திலும் வேறுபட்ட பலர் ஒரே எண்ணுக்கு அருகில் கூடி நிற்பதும், அந்த எண்ணுக்கு மேலே திடீரென வெறுமையாக இருப்பதும் அடுத்த அடையாளம். மூன்றாவது, பொருள் வரவில்லை, இயந்திரம் நின்றது என்று கணக்கில் கழிக்கப்படும் நேரம். ஹாதார்ன் அறையிலும் இது தாராளமாகக் கோரப்பட்டது. அப்படிக் கழித்தால் வேலை செய்த மணிநேரம் குறைவாகத் தெரியும், மணிக்கு முடித்த அளவு உயர்ந்து தெரியும்.

அடுத்து, புதிதாகச் சேர்ந்தவர். முதல் சில வாரங்களில் அவருடைய அளவு ஏறிக்கொண்டே போய், பிறகு மற்றவர்களின் அளவுக்கு இறங்கி நின்றால், அவர் வேலையைக் கற்று முடித்துவிட்டு விதியையும் கற்றுக்கொண்டார் என்று பொருள். நான் முன்பு ஒரு கணக்குப் பிரிவில் வேலை செய்தபோது இது எனக்கே நிகழ்ந்தது. மூன்றாம் நாள் மாலை, அன்றைய ரசீதுக் கட்டை முடித்துவிட்டு அடுத்த கட்டை எடுக்கப் போனேன். அருகில் இருந்த மூத்தவர் அதன் மேல் கையை வைத்து, "அது நாளைக்கு, தம்பி" என்றார். குரலில் கடுமை இல்லை. நான் அதை வைத்துவிட்டேன், பிறகு ஒருபோதும் எடுக்கவில்லை.

இத்தகைய குழுக்களைப் பிரித்துவிட்டால் சிக்கல் தீருமா?

பெரும்பாலும் தீராது. ஆள்களை இடம் மாற்றினால் குழு கலையும், விதி கலையாது. அதைத் தோற்றுவித்த காரணம் கூலி முறையிலும் அச்சத்திலும் இருக்கிறது. புதிதாகச் சேரும் ஆள்களும் அதே கணக்கைப் போட்டு அதே முடிவுக்கே வருவார்கள். கண்காணிப்பைக் கூட்டினால் மறைக்கும் திறமைதான் கூடும். அதிகம் செய்பவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுவது, பலர் அறியாமல் செய்யும் தவறு. மறுநாளே அவர் ரேட்டைக் கெடுப்பவராகிவிடுவார்.

மாற்ற வேண்டியது அந்தக் கணக்கையே. அளவு கூடியதற்காக விகிதத்தைக் குறைப்பதில்லை, செய்முறை மாறினால் மட்டுமே மறுபரிசீலனை என்ற உறுதியை எழுத்தில் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, அடுத்த முறை அளவு உயரும்போது அதைக் காப்பாற்ற வேண்டும். ஒரே ஒருமுறை மீறினாலும் அந்த நிகழ்ச்சி பல ஆண்டுகளுக்குச் சொல்லப்படும், அதை நேரில் பார்க்காதவர்களும் பார்த்ததுபோல் சொல்வார்கள். இலக்கை நிர்ணயிக்கும் இடத்தில் குழுவில் மதிப்புப் பெற்ற ஒருவரை அமர்த்துவதும் பயன் தரும். ஆனால் அவர் மேலாளரின் ஆள் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், குழுவில் அவருக்கிருந்த மதிப்பு அன்றோடு முடிந்துவிடும்.

14 பேரைப் பார்த்து எழுதியதை எல்லா இடத்துக்கும் பொருத்தலாமா?

எண்களைப் பொருத்த முடியாது. ஒரே அறை, எல்லோரும் ஆண்கள், எண்ணிப் பார்க்கக்கூடிய கைவேலை, குழுக் கூலி, பெருமந்தம் ஆகியவை அந்த முடிவுகளோடு பிணைந்தவை. 1932 மே மாதத்தில் ஆய்வு நின்றதுகூடக் கேள்விகள் தீர்ந்ததால் அல்ல. தொழிற்சாலையில் அந்த அறைக்குக் கொடுக்க வேலை இல்லாமல் போனது. தன்னந்தனியே செய்யப்படும், அளவை எளிதில் எண்ண முடியாத பணிகளில் இதே வடிவத்தைத் தேடுவது வீண். அங்கே குழுவின் செல்வாக்கு எத்தனை என்பதில் தெரிவதைவிட, எந்த வேலையை முதலில் எடுப்பது, யாருடைய கோரிக்கையைக் காத்திருக்க வைப்பது என்பதில் தெரியும். பொருத்திப் பார்க்கக்கூடியது கேட்கும் முறை: அளவு எங்கே நிற்கிறது, அதைத் தாண்டினால் யாருக்கு என்ன இழப்பு, அந்த இழப்பை அவர்கள் எங்கிருந்து அறிந்தார்கள் என்ற மூன்று கேள்விகள்.